பண்டிகை போய்விட்டதா?

பள்ளி வாசலில் நின்றபடியே மகள் அழத் தொடங்கினாள். யாராவது அடித்துவிட்டார்களா, விழுந்துவிட்டாளா என்று பதறிப் போய்க் கேட்டேன். அவள் வானத்தைக் காட்டினாள். பிற்பகல் மூன்றரை மணி வெயிலில், கிழக்குப் பக்கம் ஒரு வெளிறிய பாதி நிலா.

"இடது பக்கம்தான் வெள்ளையா இருக்கு. கார்த்திகை போயிடுச்சும்மா. நீ எங்கிட்ட சொல்லவே இல்ல."

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. திருக்கார்த்திகைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆனால் ஆறு வயதுப் பெண்ணுக்கு அவள் கேட்டு வளர்ந்த கதைதான் சட்டம், அந்தக் கதைப்படி பண்டிகை முடிந்துவிட்டது.

கதை என் பாட்டி சொன்னது. ஒரு பையன், அவன் வீட்டில் நாட்காட்டி கிடையாது. வேலைக்காக வெளியூர் போன அப்பா கார்த்திகை விளக்கு அன்று வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். "எப்பம்மா கார்த்திகை?" என்று பையன் நச்சரிக்க, அம்மா நிலாவைக் கைகாட்டுகிறாள். அமாவாசை கழியட்டும். கீற்று தெரியும், பாதியாகும், முழுசாகும். முழுசாகி, ஆறு நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அன்றைக்கு உன் அப்பா வருவார். பையன் தினமும் திண்ணையில் உட்கார்ந்து, தெரிகிற நிலாவைக் கரித்துண்டால் சுவரில் வரைகிறான். நடுவில் ஐப்பசி மழையின் மிச்சம் வந்து மூன்று ராத்திரி வானம் மூடிக்கொள்கிறது. மேகம் விலகும்போது அவனுக்குப் பயம்: நிலா நிறைந்து, தேயத் தொடங்கியிருந்தால்? அப்பா வந்துவிட்டுப் போயிருந்தால்? அப்போதுதான் அம்மாவின் சூத்திரம் கைகொடுக்கிறது. வளர்ந்தா வலது, இளைச்சா இடது. வெளிச்சம் வலப்பக்கம் இருக்கிறது. நிலா வளர்கிறது, பண்டிகை இனிமேல்தான்.

அந்த வரியை என் மகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் வானவியல் அதுதான். மெல்பர்ன் வானம் அதைத் தலைகீழாக்கிவிட்டது.

காரணம் எளிமையானது, ஆனால் அழுகிற பிள்ளையிடம் கார் நிறுத்துமிடத்தில் சொல்வது எளிதல்ல. நிலாவின் வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும். வளர்பிறையில், மாலை வேளையில், சூரியன் மேற்கே. ஆகவே நிலாவின் மேற்குப் பக்கம் வெளுத்திருக்கும். இது எந்த ஊரிலும் மாறாது. மாறுவது நாம் நிற்கிற விதம். தமிழ்நாட்டில் கார்த்திகை மாதத்துப் பாதி நிலா அந்தி நேரத்தில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே இருக்கும். அதைப் பார்க்கத் தெற்கு நோக்கி நிற்போம், மேற்கு நம் வலது கைப் பக்கம் வரும். மெல்பர்ன் நிலநடுக்கோட்டுக்கு 38 பாகை தெற்கே இருக்கிறது. இங்கே நிலா வடக்கு வானில் போகும். வடக்கு நோக்கி நின்றால் மேற்கு இடது கைப் பக்கம். அதே நிலா, அதே வெளிச்சம், பார்க்கிறவள் மட்டும் திரும்பி நிற்கிறாள். அதனால் முயலும் கவிழ்ந்து கிடக்கிறது, வடை சுடும் பாட்டியும் சாய்ந்துவிட்டாள்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். டிசம்பர் வெயில் பழகிவிட்டது, ராத்திரி எட்டரை மணிக்குப் பொழுது சாய்வது பழகிவிட்டது. ஆனால் அன்றைக்கு மகளோடு சேர்ந்து வடக்கே அண்ணாந்து பார்த்தபோது, மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்த ராத்திரிகள் வந்துவிட்டன. கார்த்திகைப் பௌர்ணமி நள்ளிரவில் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வரும். கழுத்தை வளைக்க வேண்டியதில்லை, மல்லாந்து படுத்தால் மூக்குக்கு நேரே நிலா. பாட்டி கதை சொல்லும்போது நிலாவைத் தேடியதே கிடையாது. இங்கே அதே பௌர்ணமி வடக்கே, பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறும். கோடையில் சூரியன் உயரப் போவதால், அதற்கு எதிரே வரும் முழுநிலா தாழத்தான் போகும்.

அன்று மாலை ஊரில் அண்ணன் வீட்டுக்கு வீடியோவில் பேசினோம். மகள் தான் வரைந்த பாதி நிலாவைக் காட்டினாள். அண்ணன் மகன் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, தான் வரைந்ததைக் காட்டினான். அவனுக்கு வலது, இவளுக்கு இடது. "அத்தை, அவ தப்பா வரைஞ்சிருக்கா!" என்று அவன் கத்த, "உன் நிலாதான் தப்பு" என்று இவள் கத்த, அண்ணி சிரித்துச் சிரித்து போனைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கும் சிரிப்புதான். போனை வைத்த பிறகு, இவள் பிள்ளைப் பருவத்து நிலாவும் என்னுடையதும் வேறு வேறாகவே இருக்கப் போகின்றன என்று தோன்றியது. அது வலித்தது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். பாட்டி கதையை விட எனக்கு மனமில்லை. "இடது, வலது" என்பதை மாற்றிப்போட்டுச் சொன்னால் இங்கே சரியாகிவிடும், ஆனால் ஊருக்குப் போகும்போது மறுபடி பொய்யாகும். பையனுக்கு இரண்டு ஊரிலும் செல்லுபடியாகிற ஒரு வழி வேண்டும். வடிவம் ஊருக்கு ஊர் சாயும். ஆனால் சூரியனிடமிருந்து நிலா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பாகை விலகும். கையை நீட்டி மடக்கினால் ஒரு முஷ்டி சுமார் பத்துப் பாகை. சின்னப் பிள்ளையின் முஷ்டி சிறியது, கையும் குட்டை, ஆகவே அவளுக்கும் கிட்டத்தட்ட அதே பத்துதான் வரும்.

என் கதையில் பையன் முஷ்டி எண்ணத் தொடங்கினான். சூரியன் மறைந்த இடத்தில் முதல் முஷ்டியை வைத்து, நிலா வரைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறான். ஒன்பது வந்தால் பாதி நிலா. பதினெட்டு வந்தால் முழுநிலா, அதாவது சூரியன் மேற்கே இறங்கும்போது நேர் எதிரே கிழக்கில் நிலா எழும். முஷ்டி நாளுக்கு நாள் கூடினால் வளர்பிறை. இடது வலது என்ற பேச்சே வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை அந்தியில் எண்ணிப் பார்த்தோம். அவளுக்கு ஒன்பது. மூன்று மணி நேரம் கழித்து அங்கே பொழுது சாய்ந்தபோது அண்ணன் மகனுக்கும் ஒன்பது. சண்டை தீர்ந்தது.

பாதியைத் தாண்டியதும் அவ்வளவு முஷ்டியை அடுக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம், வழியில் கணக்கு தவறிவிடும். ஆகவே பையன் மறுபக்கத்திலிருந்து எண்ணுகிறான்: சூரியன் மறையும் இடத்துக்கு நேர் எதிர்த் திசையில், தொடுவானத்திலிருந்து நிலா வரை எத்தனை முஷ்டி பாக்கி? டிசம்பர் 1ஆம் தேதி ஐந்து. அடுத்த நாள் நான்குகூட இல்லை. புதன்கிழமை, டிசம்பர் 3, இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. பாக்கி குறையக் குறைய மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இந்த மாதம் எண்ணியதில் ஒரு விசேஷமும் கிடைத்தது. அமாவாசையிலிருந்து பாதி நிலா வர முழுசாக எட்டு நாள் எடுத்தது. பாதியிலிருந்து முழுநிலா வர ஏழு நாள்கூட ஆகவில்லை. நிலா பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை, தூரத்தில் இருக்கும்போது மெதுவாகவும் பக்கத்தில் வரும்போது வேகமாகவும் ஓடும். அந்த அமாவாசையின்போது அது தொலைவில் இருந்தது, பௌர்ணமியின்போது மிக அருகில். "அப்பா வர்ற நாள் நெருங்க நெருங்க நிலாவுக்கும் அவசரம்" என்று மகள் சொன்னாள். அதை அப்படியே கதையில் சேர்த்துவிட்டேன்.

டிசம்பர் 3 அன்று எட்டரை மணிக்கு வாசலில் அகல் ஏற்றினோம். வானம் இன்னும் வெளுத்தே கிடந்தது, நிலா எங்களுக்கு முன்னாலேயே மேலே வந்து நின்றிருந்தது. ஊரில் அப்போது பிற்பகல் மூன்று. திருவண்ணாமலையில் ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏற்றும்போது எங்களுக்கு ராத்திரி பதினொன்றரை. மகள் பிடிவாதமாக விழித்திருந்தாள். மலையில் தீபம் தெரிந்த நொடியில் போனுக்குள்ளிருந்து அரோகரா சத்தம் கேட்டது, இங்கே எங்கள் விளக்குகளில் பாதி அணைந்திருந்தன. எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டும்போது என் அம்மா அதே வேலையை முந்தானையைச் செருகிக்கொண்டு செய்வது கண்ணுக்குள் நின்றது. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

ஆறு நட்சத்திரத்தை அன்றைக்குக் காட்டுவதுதான் பெரும்பாடு. நிலா வெளிச்சத்தில் கார்த்திகைக் கூட்டம் கரைந்துவிடும். கட்டைவிரலால் நிலாவை மறைத்துவிட்டு, பக்கத்தில் மங்கலான ஒரு கொத்தைத் தேட வேண்டும். புதன் இரவு நிலா அந்தக் கூட்டத்துக்கு இடப்பக்கம் நின்றது, வியாழன் இரவு தாண்டி வலப்பக்கம் போய்விட்டது. நடுவில் கடந்தது எங்களுக்குப் பகல் நேரத்தில். மகளால் நான்கு நட்சத்திரங்களைத்தான் எண்ண முடிந்தது. கதையில் ஆறு இருக்கிறதே என்று கேட்டாள். நிலா இல்லாத ராத்திரியில் காட்டுகிறேன் என்று சொல்லி, தேய்பிறையில் காட்டினேன். ஆறையும் எண்ணி முடித்த பிறகுதான் விட்டாள்.

2026இல் கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 24, அதற்கு முந்தைய அமாவாசை நவம்பர் 9. இரண்டு பிள்ளைகளும் 11ஆம் தேதி அந்தியிலிருந்து எண்ணுவதாக ஒப்பந்தம். அண்ணன் மகன் கரித்துண்டு எடுத்துவைத்திருக்கிறானாம், அண்ணிதான் சுவரைப் பற்றிக் கவலைப்படுகிறாள். எங்கள் வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது, ஆகவே மகளுக்கு ஒரு நீள அட்டை வாங்கிவைத்திருக்கிறேன். கதையில் வரும் அப்பா எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்று பாட்டி சொன்னதே இல்லை. மகள் அட்டையின் ஒரு ஓரத்தில் அவரை வரைந்துவிட்டாள், வடக்குப் பார்த்து நிற்கிறார்.