சத்தம் அடங்கிடுமா?

பேன்களை ஓட்டும் ஆபரேட்டர் அண்ணன் அன்று கேட்டது ஒரே கேள்வி. "ஒரு பேனுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் வச்சிருக்கீங்க தம்பி?" பத்து செகண்ட் என்றேன். "அதுக்குள்ள சத்தம் அடங்கிடுமா?" "அடங்கிடும்ண்ணே." பேனல் கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

நூற்பாலையின் ஈரப்பத பிளான்ட்டில் நாலு பேன், ஒவ்வொன்றும் 75 கிலோவாட், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். முதலில் ஸ்டாரில் குறைந்த கரண்டில் கிளப்பி, வேகம் எடுத்ததும் டெல்டாவுக்கு, அதாவது முழு வோல்டேஜுக்கு மாற்றும். கரண்ட் போனால் 500 கேவிஏ ஜெனரேட்டரில் ஓட வேண்டும். அதன் முழு அளவே 695 ஆம்பியர்தான். அதுவரை அண்ணன் கையால்தான் ஸ்டார்ட் செய்வார். கீழே போய் காற்று வழியை அடைக்கும் தகடான பேன் டேம்பரை மூடுவார், மேலே வந்து பட்டனை அழுத்துவார், உறுமல் சீராகும்வரை நிற்பார், அப்புறம் அடுத்தது. எல்லாம் முடிய ஏழெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் டிபார்ட்மென்டில் சூடு ஏறி நூல் அறுபடும். வேகமாக்கச் சொன்னார்கள், டைமர் வைத்து ஆட்டோ ஆக்கினேன். ஸ்டாரில் எட்டு செகண்ட், பேனுக்குப் பேன் பத்து செகண்ட் இடைவெளி.

பத்து என்பதைச் சும்மா போடவில்லை. நானே கிளாம்ப் மீட்டர் பிடித்துப் பார்த்தேன். ஸ்டாரில் 260 ஆம்பியர், டெல்டாவுக்கு மாறும்போது ஒரு துள்ளல், பத்தாவது செகண்டில் 90-க்கு இறங்கிவிட்டது. ஆனால் நான் அளந்த அன்று பில்டர் முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தது. காற்று குறைவாகப் போனால் இந்த வகை பேனுக்குச் சுமையும் குறைவு, சீக்கிரம் வேகம் எடுத்துவிடும். அந்த மீட்டரைப் பிடித்திருந்த கை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அளவு சரி, அளந்த நாள்தான் தப்பு.

சில வாரம் பிரச்சினை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பில்டரைச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் இரவு கரண்ட் போனது.

முதல் பேன் எட்டாவது செகண்டில் டெல்டாவுக்கு மாறியபோது முழு வேகத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த நிலையில் டெல்டா கொடுத்தால், நேரடியாக ஸ்டார்ட் செய்வதுபோல் முழுச்சுமை கரண்டைவிட ஐந்து மடங்கு இழுக்கும். அது அடங்கும் முன்பே இரண்டாவது கிளம்பியது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரின் முறுக்குவிசை அதன் வர்க்கத்தில் குறையும். பத்தில் ஒரு பங்கு வோல்டேஜ் போனால் விசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் முதல் பேன் இன்னும் தாமதமானது, இரண்டாவது அதைவிட. இருபதாவது செகண்டில் மூன்றாவதும் சேர்ந்தது. டைமருக்கு இதெல்லாம் தெரியாது, அது எண்ணிக்கொண்டே போகும்.

நான் பேனல் முன்னால்தான் நின்றேன். வோல்ட் மீட்டர் முள் 415-லிருந்து 300-க்குக் கீழே சாய்ந்தது, டியூப்லைட்டுகள் மங்கின, மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சுகளான கான்டாக்டர்கள் தடதடவென்று அடித்து ஒவ்வொன்றாக விழுந்தன. சுமை மொத்தமும் ஒரேயடியாகப் போனதும் இன்ஜின் சீறியது. ஒரு கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டன. அன்றைய ஷிப்ட் போனது.

விசாரணையில் கேட்டார்கள்: டேம்பர் மூடியிருந்ததா? இல்லை. மூடிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது எழுதிய விதி. அண்ணனுக்கு மெமோ போனது.

விதி உண்மைதான், டேம்பர் மூடியிருந்தால் பேன் பத்து செகண்டுக்குள் வேகம் எடுத்திருக்கும். ஆனால் ஜெனரேட்டர் வந்த உடனே முதல் பேன் கிளம்பும்படி வைத்தவன் நான். கீழே போய் மூடிவிட்டு வர அவருக்கு நேரம் எங்கே? இதை நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன். டைமரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிறகு கரண்ட் ரிலே வைத்தேன். முந்தின மோட்டார் முழுச்சுமை கரண்டின் 1.2 மடங்குக்குக் கீழே வந்தால்தான் அடுத்ததற்கு அனுமதி. நாற்பது செகண்டில் வராவிட்டால் வரிசை நின்று அலாரம் அடிக்கும். யோசித்தால் அது அவர் காதால் செய்துகொண்டிருந்த வேலைதான். அவர் ஒருநாளும் செகண்ட் கணக்கு சொன்னதில்லை, எத்தனை செகண்ட் வேண்டும் என்று நானும் அவரைக் கேட்டதில்லை. ஒருவேளை கேட்டிருந்தாலும், "அது அன்னன்னைக்குப் பொறுத்து" என்றிருப்பார். அதை ஒரு பதிலாக நான் எடுத்துக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ரிலே மாட்டிய அன்று அவர் வந்து பார்த்தார். நாலு பேனும் ஒவ்வொன்றாக அடங்கி அடங்கிக் கிளம்பின. "இப்ப சரி தம்பி" என்றார். மெமோவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.