ஒன்பதரை மணி

12 ஜனவரி 2025, ஞாயிறு

திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். இன்னும் 11 மணி நேரம் போக வேண்டும். தூக்கம் வராததால், மூன்று ஆண்டுகளின் பழைய பயணச் சீட்டுகளைக் கைப்பேசியில் தேடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். நான் அவன் ஊருக்குப் போனதும் அவன் என் ஊருக்கு வந்ததுமாகச் சேர்த்து 31 முறை. ஒன்றாகக் கழித்த நாட்கள் 68. மூன்று ஆண்டுக் காதல் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நாட்களாகப் பார்த்தால் பத்து வாரம்கூட இல்லை. மீதியெல்லாம் இரவு ஒன்பதரை மணி, காதில் இயர்போன், ஒரு மணி நேரப் பேச்சு.

ஸ்டேஷனில் அவனே பேச்சை எடுத்தான்: “இப்படி எத்தனை நாள்?” இதை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறோம். போன முறை அவனுடைய தேர்வு முடியட்டும் என்றோம், அதற்கு முந்தைய முறை என் அலுவலகத் தணிக்கை முடியட்டும் என்றோம். காரணங்கள் பொய்யல்ல, ஆனால் ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த முறை ஒரு தேதி வைத்தோம். ஏப்ரல் 30க்குள் ஒரே ஊர், அல்லது பிரிவு.

19 ஜனவரி, ஞாயிறு

யார் இடம் மாறுவது? இதில் சண்டைக்கே இடமில்லை. அவன் வேலை ஆய்வகத்தில். இயந்திரம் இருக்கும் இடத்தில்தான் அவனும் இருக்க முடியும். என் வேலை கணக்கு வழக்கு. கணினி இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் பாதி நினைக்கிறேன். ஆக, பெட்டி கட்ட வேண்டியவள் நான்.

ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் 1978இல் குடும்பங்களின் இடப்பெயர்வு பற்றி எழுதிய கட்டுரையை இன்று படித்தேன். இருவருடைய லாப நஷ்டத்தையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் லாபமாக இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒருவருக்கு மட்டும் நஷ்டம் ஒளிந்திருக்கலாம். தனியாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டார், துணைக்காகப் போகிறார். அப்படிக் கட்டுண்டு போகிறவருக்கு அவர் ஒரு பெயரே வைத்திருக்கிறார். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது உடனே பிடிபட்டது. மொத்தத் தொகை சரியாக இருந்தால் உள்ளே ஒரு வரி சிவப்பில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

இரவு அவனிடம் சொன்னேன். “உன் நஷ்டத்துக்கு நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டான். ஈடுகட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டது பிடித்திருந்தது. மூன்று கேட்டேன். அவன் இருக்கும் வீட்டுக்கு நான் விருந்தாளியாக வர மாட்டேன். புது வீடு பார்க்க வேண்டும், ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு என் வீட்டை விட மாட்டேன். வாடகை கொடுத்து வைத்திருப்பேன். மூன்று மாதச் செலவுக்கான பணம் என் பெயரில் தனியாக இருக்கும்; அதை வீட்டுச் செலவுக்கு எடுக்கக் கூடாது. திரும்பி வர வழி இருந்தால்தான் அங்கே இருப்பது நானே விரும்பி இருப்பதாகும் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

லாரா ஸ்டாஃபோர்டும் உடன் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொலைவில் இருந்து காதலித்து, பிறகு ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த இணைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சேர்ந்த மூன்றே மாதத்தில் பிரிந்துவிட்டன. மாணவர்களின் கதை முப்பதைத் தாண்டிய எங்களுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது: தன் நேரம் தன் கையில் இல்லாமல் போனது, சண்டை கூடியது, மற்றவரிடம் புதிதாக ஏதேதோ தெரியவந்தது.

எங்கள் 68 நாட்களில் ஒரு சண்டைகூடக் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்தால், இரண்டு நாள் சந்திப்பில் சண்டைக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைப்போம். திரும்பிய பிறகு போனில் பேசிச் சந்திப்பின் இனிப்பைக் கெடுப்பானேன் என்று மறுபடி தள்ளி வைப்போம்.

அதனால் ஊர் மாறுவதற்கு முன்னால் ஓர் ஒத்திகை. மூன்று வாரம் அவன் வீட்டில். விடுமுறை எடுக்காமல், அங்கிருந்தே வேலை. ஊர் சுற்றல் இல்லை. அவனும் வழக்கம்போல ஆய்வகம் போவான், நண்பர்களோடு ஆடப் போவான். வீட்டு வேலையை முன்கூட்டியே பங்கு பிரிக்கவில்லை. தானாக யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

26 பிப்ரவரி, புதன்

ஐந்தாம் நாள். முதல் மூன்று நாள் கணக்கில் சேராது. இருவருமே விருந்து உபசாரத்தில் இருந்தோம். இன்று அவன் களைத்துப்போய் வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கை நடுங்கியது. போனில் பத்து விநாடி மௌனம் என்றாலே ஏதோ கோபம் என்று அர்த்தம். மூன்று ஆண்டாக அப்படித்தான் படித்திருக்கிறேன். “என்ன கோபம்?” என்று நான்கு முறை கேட்டேன். நான்காவது முறை அவனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

பிறகுதான் புரிந்தது, அவன் சும்மா இருந்தான். ஆய்வகத்திலிருந்து வந்து சும்மா இருப்பது அவன் பழக்கம். நான் அறிந்தது அந்தச் சும்மா இருத்தல் முடிந்த பிறகு, ஒன்பதரைக்கு வரும் மனிதனை.

8 மார்ச், சனி

முதல் முழுச் சண்டை. விஷயம் அற்பம்: ஈரத் துண்டு. போனில் சண்டை போட்டால் துண்டித்துவிட்டு உறங்கப் போகலாம். மறுநாள் இருவரும் ஆறியிருப்போம். இங்கே துண்டிக்க வழியில்லை. சண்டை போட்டவரையே தாண்டித் தண்ணீர் எடுக்கப் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் இரவு பதினொன்றுக்குள் சமாதானமாகிவிட்டோம். மொட்டை மாடியில் அவன், “இது நமக்கு வராது என்றுதான் பயந்தேன்” என்றான். சண்டையைச் சொன்னானா சமாதானத்தையா என்று கேட்கவில்லை.

வீட்டு வேலையையும் பதிந்து வைக்கிறேன். பாத்திரம் அவன், துணி நான், பெருக்குவது யாருமில்லை. நான் அஞ்சிய அளவுக்கு மோசமில்லை.

16 மார்ச், ஞாயிறு

என் வீட்டில். ஒத்திகை தேறியது என்றே சொல்ல வேண்டும். அவன் வீட்டு ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. புது வீடு இரண்டைப் பார்த்துப் படமும் அனுப்பிவிட்டான். நாளை மேலாளரிடம் கேட்கப் போகிறேன்: ஆறு மாதம் அங்கிருந்து வேலை, பிறகு பேசிக்கொள்ளலாம்.

27 மார்ச், வியாழன்

மேலாளர் மறுத்துவிட்டார். மூன்று வாரம் என்றால் சரி, ஆறு மாதம் முடியாது. மாதக் கடைசியில் ஆள் எதிரே இருக்க வேண்டும் என்றார். நியாயம்தான்.

எழுத வந்தது அதுவல்ல. அவர் “முடியாது” என்ற அந்த நொடியில் எனக்கு மூச்சு இலகுவானது. வருத்தம் வந்தது, ஆனால் இரண்டாவதாக வந்தது. படிக்கட்டில் இறங்கும்போது, இதை எப்படிச் சோகமாகச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரவு அவனிடம் மறுப்பை மட்டும் சொன்னேன். “பரவாயில்லை, இங்கே வேறு வேலை தேடலாம், நானும் கேட்டுப் பார்க்கிறேன்” என்றான். அவன் குரலில் இருந்த வருத்தம் சுத்தமான வருத்தம்.

1 ஏப்ரல், செவ்வாய்

நிம்மதி எதற்கு? ஊர் மாற பயமா, வேலை போகும் என்ற பயமா, அல்லது அவனா? பயம் என்றால் அதைத் தாண்டலாம். பயத்துக்காகத்தானே திரும்பும் வழியெல்லாம் ஏற்பாடு செய்தேன். பிரித்துப் பார்க்க ஒரு வழி தோன்றியது. எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். அவனுக்கு இந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது. என் வேலை, என் தெரு, என் தோழிகள் எதுவும் மாறவில்லை. அடுத்த திங்கள் காலை பெட்டிகளோடு என் வாசலில் நிற்கிறான். கதவைத் திறக்கிறேன்.

அதே கனம். ஊர் காரணமில்லை.

மூன்று நாளாக இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறேன், வேறு வேறு நேரங்களில், நல்ல மனநிலையில் ஒரு முறை, அவனோடு சிரித்துப் பேசி முடித்த கையோடு ஒரு முறை. பதில் மாறவில்லை. அவன் வீட்டில் இருந்த மூன்று வாரமும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நாள்கூட அதை என் வீடாக நினைத்துப் பார்க்கவில்லை, நினைக்கவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. நன்றாக நடந்துகொள்வதிலேயே மும்முரமாக இருந்தேன். பகலில் நடந்ததைச் சேர்த்து வைத்து இரவில் அவனிடம் கொட்டுவதுதான் எனக்கு அவன். அவனோடு இருந்த பகல்களில் கொட்ட எதுவும் சேரவில்லை.

அவன் மேல் ஒரு குறையைக் கண்டுபிடிக்க முடிந்தால் இதை எழுதுவது எளிதாக இருக்கும்.

5 ஏப்ரல், சனி

நேரில் போய்ச் சொன்னேன். போனில்தான் சொல்ல வேண்டும், நீங்கள் வாழ்ந்ததே அங்கேதான் என்றாள் தோழி. ஆனால் துண்டிக்க வழியுள்ள இடத்தில் இதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

வேலை கிடைக்காததைக் காரணமாகக் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் அவன் வேலை தேடித் தருவான், நான் இன்னொரு காரணம் தேடுவேன். மேலாளர் மறுத்தபோது வந்த நிம்மதியைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். இந்த முறை நான் என்ன என்று கேட்கவில்லை. கடைசியில், “ஒத்திகை வைக்காமல் வந்திருந்தால்?” என்றான். வந்திருப்பேன், ஆறு மாதம் கழித்து இதையே சொல்லியிருப்பேன், அப்போது நம் இருவர் பெயரிலும் ஒரு வீடு இருந்திருக்கும் என்றேன். தலையசைத்தான். ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் பேச வேண்டாம் என்று கேட்டது அவன். வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு அன்றைய இரவு ரயிலிலேயே கிளம்பிவிட்டேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

இந்தப் பிரிவை யாரும் பார்க்கவில்லை. அலுவலகத்தில் அதே நாற்காலி, அதே தெரு, வீட்டில் எதுவும் குறையவில்லை. அவன் பொருள் என்று இங்கே ஒரு குடை மட்டும்தான். ஆறுதல் சொல்ல வருபவரிடம் காட்ட ஒரு காலி இடம்கூட இல்லை. எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. முதல் வாரம் ஒன்பதரைக்கு நடக்கப் போனேன், பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

இன்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மேல் வீட்டில் யாரோ வயலின் பழகுகிறார்கள். ஒரே வரியை நிறுத்தி நிறுத்தி, நான்காவது சுரத்தில் தவறி, மறுபடி முதலிலிருந்து. காலையில் படிக்கட்டில் அந்த வீட்டு அம்மாவைப் பார்த்தபோது மகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளா என்று கேட்டிருந்தேன். இல்லை, இரண்டு ஆண்டாக தினமும் ஒன்பதரைக்கு வாசிக்கிறாள், தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார்.