மீட்டரைப் பார்க்காமல் வீணான மூன்று நாட்கள்: ஒரு லாரி நிறுவன டீசல் தணிக்கை

நாமக்கல்லில் 38 லாரிகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் டீசல் கணக்கைத் தணிக்கை செய்து முடித்து இரண்டு வாரம் ஆகிறது. வாடகை வருமானம் ஏறாதபோது டீசல் செலவு மட்டும் ஏன் ஏறுகிறது என்பதுதான் முதலாளியின் கேள்வி. பதில் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் ஒரு நல்ல ஓட்டுநரை எல்லோர் முன்னிலும் நான் திருடனாக நிறுத்திவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

முதல் மூன்று நாட்கள் அலுவலக அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு பயணத்தின் கிலோமீட்டரையும் டீசலையும் எழுதும் டிரிப் ஷீட்டுகள் சணல் சாக்குகளில் கட்டிக் கிடந்தன. ஒன்றரை ஆண்டுக்கு முந்தையவை இல்லை. 'ஜிஎஸ்டி கணக்கு முடிந்துவிட்டது, பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டோம்' என்றார் குமாஸ்தா. இருந்தவற்றில் பன்னிரண்டு லாரிகளின் மூன்று மாத டிரிப்புகளைக் கணினியில் ஏற்றி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்தேன். ஒரு சிலவற்றைத் தவிர எல்லா டிரிப்பிலும் லிட்டருக்கு 3.9 முதல் 4.1 வரை வந்தது. நிறுவனம் வைத்திருந்த அளவு 4. அதற்குக் குறைந்தால் வித்தியாசத்தை ஓட்டுநரின் பேட்டாவில் பிடிப்பார்கள்.

இங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிறைலோடு ஏற்றி தொப்பூர் கணவாய் ஏறும் லாரியும், பாதி தூரம் காலியாகத் திரும்பும் லாரியும் ஒரே மைலேஜ் தர முடியாது. மழை, டயர் காற்று, இறக்குமிடத்தில் இன்ஜின் ஓட நிற்கும் நேரம் எல்லாம் கணக்கைக் கலைக்கும். உண்மையான மைலேஜ் ஏறி இறங்கித்தான் வரும். கோடு போட்டதுபோல் வந்தால், கிலோமீட்டரை வைத்து மைலேஜ் கண்டுபிடிக்கவில்லை, மைலேஜை வைத்துக் கிலோமீட்டரை எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். நானோ, ஒரு டிரிப்பின் முடிவு மீட்டர் அடுத்த டிரிப்பின் தொடக்க மீட்டரோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. திருப்தியாகிவிட்டேன். பொய்யான முடிவையே அடுத்த ஷீட்டின் தொடக்கமாக எழுதிக்கொண்டு போனால் அது எப்படிப் பிசகும்?

அடுத்ததாக ஃபாஸ்டேக் அறிக்கையை எடுத்தேன். நிறுவனத்தில் யாரும் கை வைக்க முடியாத பதிவு அது என்பதால் நல்ல ஆதாரம். அதில்தான் சறுக்கினேன். புனே போய் வந்த ஒரு பன்னிரண்டு சக்கர லாரி மாலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைக் கடந்ததாக டிரிப் ஷீட் சொன்னது. ஃபாஸ்டேக் அறிக்கையில் மறுநாள் அதிகாலை நான்கு மணி என்றிருந்தது. பத்து மணி நேரம் லாரி எங்கே நின்றது? டேங்கிலிருந்து டீசல் இறக்கிய நேரம் அதுதான் என்று முடிவு கட்டினேன். முதலாளி, மேற்பார்வையாளர், இரண்டு குமாஸ்தாக்கள் எல்லோரும் இருக்கும்போது அந்த ஓட்டுநரை அழைத்துக் கேட்டேன்.

அவர் பதினாறு ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவர். குரலை உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். நீல அட்டை, எண்ணெய்க் கறை, ரப்பர் பேண்ட் சுற்றியது. சுங்கச்சாவடி நேரம், எங்கே எத்தனை லிட்டர் டீசல், பஞ்சர் ஒட்டிய கூலி, டீச்செலவு வரை தேதிவாரியாகப் பென்சிலில் எழுதியிருந்தார். கிருஷ்ணகிரி மாலை 5.50 என்றிருந்தது. ஃபாஸ்டேக் அறிக்கையை மறுபடி விரித்தேன். அதில் நேரத்துக்கு இரண்டு பத்திகள். ஒன்று சுங்கச்சாவடியில் டேக் வாசிக்கப்பட்ட நேரம், மற்றது வங்கிக் கணக்கில் பணம் கழிக்கப்பட்ட நேரம். இரண்டாவது சில சமயம் பல மணி நேரம் தள்ளி வருவதும் உண்டு. நான் எடுத்தது இரண்டாவது. வாசிக்கப்பட்ட நேரம் 5.52.

அதே இடத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்லைங்க சார், நோட்டைப் பத்திரமாகப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்' என்று மட்டும் சொன்னார். அந்த நோட்டுதான் வழி காட்டியது.

அந்த டிரிப்புக்கு அலுவலகக் கணக்கில் 615 லிட்டர் எழுதியிருந்தார்கள். புறப்படும் முன் நாமக்கல் பங்க்கில் 340, வழியில் எரிபொருள் அட்டையில் 210, மறுபடி நாமக்கல் பங்க்கில், கடனுக்கு டீசல் வாங்க நிறுவனம் எழுதிக் கொடுக்கும் இன்டென்ட் சீட்டு மூலம் 65. ஓட்டுநரின் நோட்டில் முதல் இரண்டும் இருந்தன. 65 லிட்டர் இல்லை. அந்த இன்டென்ட்டின் தேதியைப் பார்த்தேன், லாரி புறப்பட்ட மூன்றாம் நாள். இப்போது சரியான பத்தியில் ஃபாஸ்டேக்கைப் பார்த்தால், அன்று காலை துமகூரு, இரவு பெலகாவி. கர்நாடகத்தில் ஓடிக்கொண்டிருந்த லாரிக்கு நாமக்கல்லில் டீசல் நிரப்பியிருக்கிறார்கள்.

கிலோமீட்டரையும் இப்போது வேறு கண்ணோடு பார்த்தேன். நாமக்கல்லிலிருந்து பெங்களூரு வழியாகப் புனே ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். போய்வர 2,200. டிரிப் ஷீட்டில் 2,460. அதை 615 லிட்டரால் வகுத்தால் அச்சாக 4. போலி 65 லிட்டரைக் கழித்து, உண்மையான 2,200 கிலோமீட்டரை 550 லிட்டரால் வகுத்தாலும் அதே 4. லாரியும் ஒழுங்காக ஓடியிருக்கிறது, ஓட்டுநரும் ஒழுங்காக ஓட்டியிருக்கிறார். போலிச் சீட்டால் மைலேஜ் குறையும் என்பதால், அதை மூட 260 கிலோமீட்டரைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் ஓட்டுநர் அல்ல. புறப்படும்போதே வெற்று டிரிப் ஷீட்டில் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். எண்களை நிரப்பியது மேற்பார்வையாளர். இன்டென்ட் புத்தகமும் அவர் கையில்தான்.

அன்றுதான் முதன்முறையாக லாரியில் ஏறி மீட்டரைப் படம் எடுத்தேன். டிரிப் ஷீட்டின்படி 3,12,640 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய லாரி, மீட்டரில் 3,04,870 காட்டியது. 7,770 கிலோமீட்டர் காகிதத்தில் மட்டும் ஓடியிருக்கிறது. ஒரு டிரிப்புக்கு 260 என்று வைத்தால் ஏறக்குறைய முப்பது டிரிப். முதல் நாளே ஏறியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

'மீட்டர் இடையில் பழுதாகி மாற்றப்பட்டது' என்றார் மேற்பார்வையாளர். அதை மறுக்க வெளியாள் எழுதிய சாட்சி வேண்டும். பராமரிப்புக் கோப்பில் அது இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் பட்டறைக்காரர் ஜாப் கார்டில் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்வார், அவருக்கு நம் மைலேஜ் கணக்கைப் பற்றி அக்கறை கிடையாது. ஆனால் அலுவலகக் கோப்பில் பில்கள் மட்டும் இருந்தன, ஜாப் கார்டுகள் இல்லை. சேலத்தில் உள்ள பட்டறைக்குப் போனேன். முதலாளியின் கடிதம் வேண்டும் என்றார்கள். மறுநாள் கடிதத்தோடு போனால், பதிவு செய்த கைப்பேசிக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் பழைய பதிவைத் திறக்க முடியும் என்றார்கள். அந்த எண் வேலையை விட்டுப் போன பழைய மேலாளருடையது. எண்ணை மாற்றும் படிவம், நிறுவன முத்திரை, மூன்றாவது பயணம். இந்தப் பாடு வேண்டாமென்றால், தணிக்கை தொடங்கும் முன்பே பட்டறை, எரிபொருள் அட்டை, ஃபாஸ்டேக், ஜிபிஎஸ் நான்கிலும் பதிவான எண் யாருடையது என்று முதலாளியிடம் கேட்டுவிடுங்கள்.

ஜாப் கார்டுகள் கிடைத்தபோது அலைச்சலெல்லாம் மறந்துபோனது. மீட்டர் மாற்றியதாக எந்தப் பதிவும் இல்லை. சர்வீஸ் தேதிகளை வரிசையாக வைத்து டிரிப் ஷீட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முதலில் இல்லை, பிறகு 1,900, பிறகு 4,600, கடைசியில் 7,770. மீட்டர் பழுதாகி மாற்றியிருந்தால் வித்தியாசம் ஒரே தாவலாக வந்திருக்கும். இது படிப்படியாக ஏறியது. ஏறத் தொடங்கிய காலம், இன்டென்ட் புத்தகம் மேற்பார்வையாளர் கைக்கு மாறிய காலம்.

பங்க்கில் சிசிடிவி கேட்டேன். பழைய பதிவுக்கு மேல் புதியது பதிந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய மாதாந்திரக் கடன் கணக்கில் ஒரு குறிப்பு உதவியது. உண்மையாக நிரப்பியவற்றுக்குப் பம்ப் எண்ணும் நேரமும் அச்சான பில் இருந்தது. போலிகளுக்கெல்லாம் கையால் எழுதிய பில். கைப்பில் அனைத்தையும் தனியே எடுத்து ஃபாஸ்டேக்கோடு பொருத்தினேன். பன்னிரண்டு லாரிகளில் மூன்று மாதத்தில் 41 சீட்டுகள், 2,740 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் இரண்டரை லட்சம்.

எல்லா வித்தியாசத்தையும் திருட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். லோடு ஏற்ற ஊருக்குள் சுற்றுவது, மாற்றுப்பாதை எல்லாம் சேர்ந்து ஒரு டிரிப்புக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் கூடும். டேங்க்கை நிரப்பி அளக்கும்போது நுரையாலும் லாரி சாய்ந்து நிற்பதாலும் சில லிட்டர் முன்னே பின்னே வரும். அதனால் 100 கிலோமீட்டருக்குக் கீழ் இருந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காலியாகத் திரும்பும் லாரிகள் சுங்கச்சாவடியைத் தவிர்த்து ஊர்ச்சாலையில் போவதும் உண்டு, ஃபாஸ்டேக்கில் இடைவெளி இருப்பதாலேயே லாரி அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு ஊரில் இருந்ததற்குப் பதிவு இருந்தால் மட்டுமே சீட்டைப் போலி என்று எழுதினேன்.

கிலோமீட்டரைக் கூட்டியதால் இன்னொரு கெடுதலும் நடந்திருந்தது. ஆயில் மாற்றம் காகிதக் கிலோமீட்டரை வைத்து முன்கூட்டியே நடந்திருக்கிறது. டயர்கள் உண்மையைவிட அதிகம் உழைத்ததாகக் கணக்கு காட்டியதால், டயர் செலவை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு லாரியின் பன்னிரண்டு டயர்களின் எண்களையும் படம் எடுத்துப் பதிவேட்டோடு பார்த்தேன். இரண்டு பொருந்தவில்லை. புது டயர் என்று பில் இருந்த இடத்தில் ரீட்ரெட் செய்த பழைய டயர் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற 37 லாரிகளின் டயர்களை இன்னும் பார்க்கவில்லை, அடுத்த மாதம் அந்த வேலை.

மேற்பார்வையாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நிறுவனத்தின் கையெழுத்துள்ள சீட்டுக்குத்தான் கணக்கு எழுதினோம் என்று பங்க் தரப்பு பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறது, பேச்சு நடக்கிறது. வெற்று டிரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்குவதை நிறுத்தியாகிவிட்டது. புறப்படும்போதும் திரும்பும்போதும் ஓட்டுநர் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புகிறார், அச்சான பில் இல்லாத டீசலுக்குப் பணம் கிடையாது.

போலிச் சீட்டை எழுதிவிட்டுக் கிலோமீட்டரைக் கூட்ட மறந்த சில டிரிப்புகளும் இருந்தன. அவற்றில் மைலேஜ் குறைந்ததென்று ஓட்டுநர்களிடம் பிடித்த தொகையைத் தனியே பட்டியலிட்டுக் கொடுத்தேன். நான் குற்றம் சாட்டிய ஓட்டுநருக்கு மட்டும் 11,400 ரூபாய் வர வேண்டியிருந்தது. முதலாளி அதை என் கையால் கொடுக்கச் சொன்னார். ஓட்டுநர் எண்ணிப் பார்த்தார், நீல அட்டை நோட்டை எடுத்தார், தேதி போட்டு வரவு என்று எழுதிக்கொண்டார்.