பலாக்கொட்டைக் கடையில் தெரிந்தது

ஏற்காடு மலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். ஜூனில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு ஐந்து வயது முடிந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பொதுவான அம்சம் எதுவும் இருப்பதில்லை. ஒருவன் அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டுமாக இருந்துவிட்டு வருவான். இன்னொருத்தி எஸ்டேட் லைன் வீட்டில் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவாள். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் இவர்கள் எல்லோரும் முதல் படியான அரும்பு நிலை. ஆனால் அரும்புக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் பாடம் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகச் சிறிது நேரம் செலவிடுகிறேன். அப்படிப் பார்த்தவற்றில் பயன் தந்ததை இங்கே எழுதுகிறேன்.

முறை என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. நியூசிலாந்தில் 1997 முதல் ஐந்து வயதில் பள்ளி சேரும் பிள்ளைகளுக்கு மூன்று செயல்பாடுகள் வைத்தார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்து அச்சைப் பற்றி என்ன தெரியும் என்று பார்ப்பது ஒன்று. கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது ஒன்று. கடை விளையாட்டின் வழியே எண்ணறிவைப் பார்ப்பது இன்னொன்று. அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். பொருள்களும் படங்களும் சொற்களும் எங்கள் மலையில் கிடைப்பவை.

கடையில் தொடங்குகிறேன், ஏனென்றால் பேசக் கூச்சப்படும் பிள்ளையும் கடை வைக்க வந்துவிடும். ஒரு பாய், ஒரு கொட்டாங்குச்சி, கழுவிக் காயவைத்த பலாக்கொட்டை பதினைந்து. மிளகையோ புளியங்கொட்டையையோ வைப்பதில்லை. மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது. பிள்ளை கடைக்காரர், நான் வாங்க வந்தவள். "கடைக்காரரே, எனக்கு ஒரு கொட்டை கொடுங்கள்" என்று கையை நீட்டுவேன். அடுத்து மூன்று. சரியாகக் கொடுத்தால் ஒன்று கூட்டிக் கேட்பேன், தவறினால் ஒன்று குறைத்துக் கேட்பேன். ஒவ்வோர் எண்ணையும் இடைவெளி விட்டு மூன்று முறை கேட்டு, இரண்டு முறையாவது சரியாக வந்தால்தான் அந்த எண் பிள்ளையின் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேட்ட எண்ணிக்கை வந்ததும் நம்மை அறியாமலே கையை மடக்கிவிடுவோம், அல்லது முகம் மலர்ந்துவிடும். பிள்ளை அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். அது எண் தெரிந்து கொடுத்தது ஆகாது. அதனால் பிள்ளை தானாக நிறுத்தும் வரை என் கை விரிந்தபடியே இருக்கும். கொடுத்து முடித்ததும், சரியானாலும் தவறானாலும், "இது நான்கா? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரே மாதிரிக் கேட்பேன். திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுத்தால்தான் அவசரத்தில் வந்த பிழையையும் அறியாமையையும் பிரித்துப் பார்க்க முடியும்.

சென்ற ஆண்டு வந்த ஒரு பையன் முப்பது வரை தடங்கலில்லாமல் சொன்னான். கூடவே ஆங்கிலத்திலும் சொன்னான். அவன் அம்மா வாசலில் நின்று பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் ஒன்று, இரண்டு, மூன்று கேட்டபோது சரியாகக் கொடுத்தான். நான்கு கேட்டதும் கை நிறைய அள்ளிக் கொட்டினான். "இது நான்கா? எண்ணிப் பாருங்கள்" என்றேன். ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு, ஒன்றையும் விடாமல், "ஒன்று, இரண்டு..." என்று ஏழு வரை எண்ணினான். எண்ணி முடித்து, "ஆமாம், நான்கு" என்றான். ஐந்து கேட்டேன், மறுபடியும் ஓர் அள்ளல். பிறகு நானே ஐந்து கொட்டையை வரிசையாக வைத்து அவனை எண்ணச் சொன்னேன். சரியாக எண்ணினான். உடனே கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மூடி, "உள்ளே எத்தனை இருக்கிறது?" என்று கேட்டேன். கொட்டாங்குச்சியின் முதுகில் விரலை வைத்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மறுபடியும் தொடங்கிவிட்டான்.

இந்தப் பையனுக்கு எண்களின் பெயர்கள் தெரியும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று தொட்டு எண்ணவும் தெரியும். கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தத்தின் அளவு என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மூன்றைச் சரியாகக் கொடுத்தானே என்று கேட்கலாம். மூன்று வரை எண்ணவே வேண்டாம், பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் மூன்றோடு நிறுத்தும் சோதனை எதையும் காட்டாது. ஐந்து, ஆறு வரை போக வேண்டும். பிள்ளைகள் ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் பிடிக்கிறார்கள் என்றும், மூன்று நான்கைத் தாண்டியதும் எண்ணுவதன் பொருள் எல்லா எண்களுக்கும் சேர்த்து விளங்கிவிடுகிறது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் படியின் விளிம்பில் அவன் நின்றிருந்தான்.

அதே வாரம் ஒரு சிறுமி வந்தாள். அங்கன்வாடிக்குச் சரியாகப் போகாதவள். பத்து வரை சொல்லச் சொன்னால் "ஆறு, எட்டு" என்று ஏழைத் தாண்டிப் போனாள். கடையில் ஐந்து கேட்டேன், ஐந்து. ஆறு கேட்டேன், ஆறு. எட்டு கேட்டபோது ஏழு கொட்டையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். "...ஐந்து, ஆறு, எட்டு" என்று சொல்லி, அதற்கு மேல் ஒரு கொட்டையைக்கூட எடுக்கவில்லை. கொட்டாங்குச்சியால் மூடிக் கேட்டபோது தயங்காமல் "எட்டு" என்றாள். இவளுடைய கணக்கு முழுக்கச் சரி. பட்டியலில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பத்து வரை சொல் என்று மட்டும் கேட்டு மதிப்பெண் போட்டிருந்தால் பையன் முழு மதிப்பெண் வாங்கியிருப்பான், இவள் தவறியிருப்பாள். இவளுக்கு வேண்டியது ஒரு வாரத்துப் பாட்டு. அவனுக்கு வேண்டியது பல மாத வேலை.

எழுத்துக்கு வருகிறேன். உயிரெழுத்துகளை ராகத்தோடு பாடும் பிள்ளைகள் பலர் உண்டு. அட்டவணையில் 'ஈ'யைக் காட்டினால், 'அ'விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் 'ஈ'யை அடைவார்கள். எழுத்தின் இடம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அதனால் அட்டைகளைக் கலைத்துப் போட்டுத்தான் கேட்கிறேன். பிள்ளையின் பெயர் அட்டையையும் அவற்றோடு வைப்பேன். ஒன்றுமே தெரியாது என்று வீட்டில் சொல்லி அனுப்பிய பிள்ளை தன் பெயரை எடுத்து, "இது என் எழுத்து" என்று முதல் எழுத்தை மட்டும் வேறோர் அட்டையிலும் காட்டுவது உண்டு. அதை அறிவாகவே குறித்துக்கொள்கிறேன். பஸ்ஸின் முன்பலகையில் 'சேலம்' என்று படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அதே சொல்லை வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டுவேன். அப்போதும் சொன்னால் எழுத்தின் வடிவம் மனத்தில் பதிந்திருக்கிறது. விழித்தால் பஸ்ஸைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது.

படக்கதைப் புத்தகத்தைத் தலைகீழாக, பின்னட்டை மேலே இருக்கும்படி நீட்டுவேன். பிள்ளை திருப்புகிறதா என்று கவனிப்பேன். பிறகு, "நான் படிக்கப் போகிறேன், எங்கிருந்து படிக்கட்டும்? விரலை வை கண்ணு" என்பேன். பாதிப் பேர் ஆட்டின் படத்தில் விரலை வைப்பார்கள். கதை படத்திலிருந்து வருகிறது என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து அட்டையை நீட்டுவதற்கு முன், வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்துக் காட்டும் வேலை பாக்கி இருக்கிறது.

ஒலிக்கு ஒரே ஒரு கேள்வி. "பழம், பல், கண். இதில் எது வேறு மாதிரித் தொடங்குகிறது?" சொற்களை வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தேன். 'கண்' என்று சொல்லும் பிள்ளை ஒலியைக் கேட்கிறது. 'பழம்' என்று சொல்லும் பிள்ளை, பல்லும் கண்ணும் முகத்தில் இருப்பவை, பழம் சாப்பிடுவது என்று பொருளை வைத்துப் பிரித்திருக்கிறது. நல்ல சிந்தனைதான், ஆனால் காது இன்னும் சொல்லின் ஒலிப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பதிலுமே எனக்கு வேலை சொல்கின்றன. மௌனம்தான் எதையும் சொல்வதில்லை.

மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பேச்சைப் பார்க்க நான்கு படங்களைக் காட்டி ஒரு சின்னக் கதை சொல்வேன்: ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, மழை வருகிறது, ஆடு ஒரு திண்ணையில் ஏறி நிற்கிறது, சிறுவன் தேடிக் கண்டுபிடிக்கிறான். பிள்ளை திருப்பிச் சொல்வதை அதன் சொற்களிலேயே எழுதிக்கொள்வேன். "ஆடு, மழை" என்று பெயர் மட்டும் வருகிறதா, முழு வாக்கியம் வருகிறதா, "அப்புறம்" என்று கோக்கிறதா, "மழை வந்ததால்" என்று காரணம் சொல்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழில் சில சொற்கள் வேறு. அந்தச் சொல்லையே எழுதி, சரி என்று குறிக்கிறேன். வீட்டுச் சொல்லைத் திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது.

ஒரு சிறுமி என் முன்னால் வாயே திறக்கவில்லை. அவள் பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டேன். காலை உணவு சாப்பிடும்போது பின்னால் உட்கார்ந்து கேட்டேன். "எங்கள் ஆடு குட்டி போட்டது. ஒரு குட்டி பால் குடிக்கவில்லை. அதனால் அப்பா பாட்டிலில் கொடுத்தார்" என்று தோழியிடம் தன் வீட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். காரணமும் வரிசையும் அதிலேயே இருந்தன. அன்று மதியமே அந்தக் காலி இடத்தை நிரப்பினேன். பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழக்கம் இல்லாத பிள்ளைக்குப் பேச்சு வராது என்று எழுதிவிட்டால், ஆண்டு முழுவதும் அந்தக் குறிப்பே அதைத் துரத்தும்.

மதிப்பெண் போடுவதில்லை. பிள்ளைக்கு ஒரு பக்கம். கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது என்று அப்படியே எழுதுகிறேன். பசியோடு இருக்கும்போதும், மழையில் நனைந்து வந்த காலையிலும், காய்ச்சல் விட்ட மறுநாளும் உட்கார வைப்பதில்லை. அப்படி எடுத்த பக்கம் அன்றைய உடம்பைக் காட்டும், அறிவைக் காட்டாது. பிள்ளை புத்திசாலியா, மூன்றாம் வகுப்பில் எப்படிப் படிக்கும் என்பதற்கெல்லாம் இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது. அடுத்த மாதத்து வேலைக்கு மட்டுமே இது போதும்.

முப்பது வரை சொன்ன பையனின் அம்மா, "என் பையன் எப்படி டீச்சர்?" என்று கேட்டார். கொட்டைகளை வைத்து அவர் முன்னாலேயே மறுபடியும் நான்கு கேட்டுக் காட்டினேன். முகம் சற்று வாடியது. "எண்கள் எல்லாம் அவனிடம் இருக்கின்றன அக்கா, அளவு மட்டும் வர வேண்டும். இனிமேல் நூறு வரை சொல்லித் தராதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அவனைத் தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் நான்கு பேர் அல்லவா?" என்றேன். வகுப்பில் தினமும் தன் வரிசைக்குச் சிலேட்டு எடுத்து வரும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன். ஒரே நடையில் சரியாகக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் விதி. ஜூலையில் கடை வைத்தபோது நான்கு வந்தது, ஐந்துக்கு அள்ளினான். காலாண்டு விடுமுறைக்கு முன் ஆறு கேட்டேன். ஐந்தை எண்ணி வைத்துவிட்டு, சற்று நின்று, இன்னொன்றை எடுத்து வைத்தான். மூடிக் கேட்டபோது கொட்டாங்குச்சியைத் தொடாமலே "ஆறு" என்றான்.