ஒரே வாடிக்கையாளர், மூன்று இடத்தில் பெயர்: தொடர்பு எண்களை இரட்டிக்காமல் இணைத்த அனுபவம்

கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் குடும்பத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பான் விற்பனையும் சர்வீஸும் செய்யும் கடை இருக்கிறது. அலுவலக வேலை என் பொறுப்பு. வாடிக்கையாளர்கள் மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், அந்தப் பக்கம் புதுச்சேரியின் அரியாங்குப்பம், நெல்லித்தோப்பு வரை பரவியிருக்கிறார்கள். அவர்களுடைய எண்கள் கடை போனில் இருந்தன, பில் அனுப்பும் ஜிமெயில் கணக்கில் இருந்தன, எஸ்கியூலைட்டில் வைத்திருக்கும் சின்ன டேட்டாபேஸிலும் இருந்தன. யாருக்கு எப்போது ஃபில்டர் மாற்ற வேண்டும் என்பது டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். புது எண் வாங்கிவிட்டேன் என்று வாடிக்கையாளர் சொல்வதோ போனில்தான் பதிவாகும். அதனால் நினைவூட்டல் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. மூன்றையும் இணைக்க உட்கார்ந்தபோது எனக்கு இருந்த ஒரே பயம், ஒருவர் மூன்று பேராகிவிடக் கூடாது என்பதுதான்.

போனும் ஜிமெயிலும் தாமாகவே இணைந்துவிடும் என்று நினைப்போம். அது பாதிதான் உண்மை. ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு தொடர்பும் ஏதாவது ஒரு கணக்குக்குச் சொந்தம்: கூகுள் கணக்கு, போனின் உள்நினைவகம், அல்லது சிம். கூகுள் கணக்கில் சேமித்தவை மட்டுமே மெயிலுக்குப் போகும். ஒரே ஆள் மூன்றிலும் இருந்தால் போன் அவற்றை ஒன்றாகக் கோத்து ஒரே பெயராகக் காட்டிவிடும். உள்ளே மூன்று பதிவுகள் அப்படியே இருக்கும். அதனால் திரையில் ஒரு பெயர்தான் தெரிகிறது என்பதை நம்பவில்லை. முதலில் போனில் ஒத்திசைவை நிறுத்தினேன். போனிலிருந்து தொடர்புகள் அடங்கிய ஒரு `.vcf` கோப்பு, கூகுளிலிருந்து ஒரு சி.எஸ்.வி., டேட்டாபேஸ் கோப்பின் நகல் மூன்றையும் தனியாக எடுத்து வைத்தேன். `contacts.google.com` பக்கத்தில் `Undo changes` என்று ஒன்று உண்டு; தொடர்புகளை 30 நாள் வரை பின்னோக்கிக் கொண்டுபோகலாம். ஆனால் அது கூகுளில் இருப்பதை மட்டும்தான் மீட்கும். சிம்மையும் நம் டேட்டாபேஸையும் அது தொடாது.

சி.எஸ்.வி.யைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் 919876543210 என்பது `9.19877E+11` என்று ஆகிவிடும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். நான் லிப்ரே ஆபீஸில் எண் வரும் பத்திகளையெல்லாம் `Text` என்று குறித்து, எழுத்து வகை `UTF-8` என்று கொடுத்துத் திறந்தேன். தமிழ்ப் பெயர்களும் கெடவில்லை.

அடுத்தது பொருத்திப் பார்ப்பது. பெயரை வைத்துப் பொருத்த முடியாது. எங்கள் மஞ்சக்குப்பம் வாடிக்கையாளர் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். போனில் அவர் "டீச்சர் மஞ்சக்குப்பம்". சிம்மில் `TEACHER MJK`, சிம்மில் பெயருக்கு இடம் மிகக் குறைவு, தமிழில் எழுதினால் இன்னும் குறையும். மெயிலில் இன்ஷியலோடு முழுப் பெயரும் மெயில் முகவரியும் இருக்கிறது, எண் இல்லை. டேட்டாபேஸில் அவருடைய கணவர் பெயர், ஏனென்றால் பில் அவர் பெயரில். நான்கையும் ஒன்று என்று சொல்ல எந்த மென்பொருளாலும் முடியாது. கூகுளின் `Merge & fix` இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சேர்த்துக் காட்டவில்லை.

ஆகவே எண்ணைத்தான் பிடிக்க வேண்டும். எண்ணும் பல வேஷத்தில் இருக்கும். டீச்சருடைய எண் போனில் `+91 98765 43210` என்ற வடிவம்; டேட்டாபேஸில் முன்னால் பூஜ்யத்தோடு `09876543210` (உதாரணத்துக்கு எழுதுகிறேன், அவருடைய எண் இதுவல்ல). லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு அழைக்க 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று வந்ததல்லவா, அதன்பிறகு கடை லேண்ட்லைனுக்குப் பக்கத்திலிருந்து பதிந்தவை பூஜ்யத்தோடு இருந்தன.

நம் ஊர் எண்களில் ஒரு வசதி உண்டு. கடலூர் லேண்ட்லைன் 4142 போக ஆறு இலக்கம், புதுச்சேரி 413 போக ஏழு இலக்கம், கைபேசி பத்து இலக்கம். எஸ்.டி.டி. கோடைச் சேர்த்தால் எல்லாமே பத்து. அதனால் பலரும் சொல்லும் வழி, கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்பது. சர்வீஸுக்குப் போகும் தம்பியும் அதையேதான் சொன்னான்: "அக்கா, கடைசிப் பத்து நம்பர் ஒண்ணா இருந்தா அதே ஆளுதானே?"

இல்லை. கடலூர்ப் பக்கத்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைய. பில்லுக்குப் பணம் போடுவது அவர்கள்தான். சிங்கப்பூர் கைபேசி எண் 8 அல்லது 9-இல் தொடங்கும் எட்டு இலக்கம். முன்னால் நாட்டு எண் 65 சேர்ந்தால் மொத்தம் பத்து. `+` குறி விட்டுப்போனால் அது 6-இல் தொடங்கும் இந்தியக் கைபேசி எண் போலவே இருக்கும், ஏனென்றால் நம் கைபேசிகளும் 6 முதல் 9 வரை தொடங்குகின்றன. நிரல் அதற்கு முன்னால் 91 ஒட்டிவிட்டால், நினைவூட்டல் முகம் தெரியாத யாருக்கோ போகும். புதுச்சேரியில் பிரான்ஸ் எண்கள் இன்னொரு தினுசு: மெயிலின் அடியில் `+33 (0)6` என்று எழுதியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது அடைப்பிலுள்ள பூஜ்யம் வேண்டியதில்லை. அதை எடுக்காவிட்டால் அதே எண் இரண்டாகிவிடும்.

அதனால் எல்லா எண்ணையும் நாட்டு எண்ணோடு ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தேன். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் கைக்கு விட்டுவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

```python
import re

def key(raw):
    s = raw.replace("(0)", "").strip()
    d = re.sub(r"\D", "", s)
    if s.startswith("+"):
        return "+" + d
    if s.startswith("00"):
        return "+" + d[2:]
    if len(d) == 12 and d.startswith("91"):
        return "+" + d
    d = d.lstrip("0")
    if len(d) == 10 and d[:3] not in ("658", "659"):
        return "+91" + d
    return None
```

`None` என்று வந்தவை தனித் தாளில். ஆறு இலக்கமாக மட்டும் இருந்தவற்றுக்கு முகவரியைப் பார்த்து 4142, ஏழு இலக்கத்துக்கு 413 சேர்த்தேன். 658, 659 என்று தொடங்கியவற்றில் சிங்கப்பூர் எது, உள்ளூர் எது என்று அம்மாவைக் கேட்டால் போதும். எந்த வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி.

எண் ஒத்துப்போனதும் சேர்த்துவிடலாமா? இங்கேதான் நிதானம் தேவை. நெல்லித்தோப்பில் ஒரு அடுக்குமாடியில் எங்களுக்குப் பல வீடுகள் வாடிக்கை. எல்லா வீட்டுக்கும் தொடர்பு எண்ணாகக் கொடுத்திருப்பது வாட்ச்மேன் எண். எண் ஒன்று என்பதற்காகச் சேர்த்தால் அத்தனை மெஷின்களும் ஒரே வாடிக்கையாளரின் கணக்கில் விழும். டேட்டாபேஸில் எண்களைத் தனி அட்டவணையில் வைத்து, வாடிக்கையாளர் குறியீடும் எண்ணும் சேர்ந்த ஜோடி மட்டும் இரண்டாவது முறை வரக் கூடாது என்று பூட்டினேன். எண் மட்டும் திரும்ப வரலாம். எந்தெந்த எண் பலருக்குப் பொது என்பதை இப்படிப் பார்த்தேன்:

```sql
SELECT num, COUNT(DISTINCT cust_id) AS n
FROM phone GROUP BY num HAVING n > 1;
```

இந்தப் பட்டியலை உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். வாட்ச்மேன், பள்ளி அலுவலகம், ஒரே பெரியவர் எண்ணைக் கொடுத்த அண்ணன் தம்பி வீடுகள் அப்படியே இருக்க வேண்டியவை. மீதி உண்மையான இரட்டைப் பதிவுகள். டீச்சர் விஷயத்தில் டேட்டாபேஸின் இரண்டாவது எண்ணும் போனின் எண்ணும் ஒத்தன, முகவரியும் ஒத்தது, சேர்த்தேன். சிம்மில் இருந்ததும் அதே எண்தான். மெயில் பதிவில் எண் இல்லாததால் அவரிடமே ஒரு முறை கேட்டு உறுதி செய்தேன்.

இவ்வளவும் ஒரு முறைச் சுத்தம்தான். மறுபடி இரட்டிக்காமல் இருக்க ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் அடையாளம் வேண்டும். எண் மாறும், பெயரைத் திருத்துவோம். டேட்டாபேஸிலுள்ள வாடிக்கையாளர் குறியீட்டை (`K0418` மாதிரி) கூகுள் தொடர்பில் `cust_id` என்ற தனிப்புலமாக எழுதி வைத்தேன். கூகுளே ஒவ்வொரு தொடர்புக்கும் `people/c...` என்று ஒன்று கொடுக்கிறதே, அதையே பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது சில சமயம் மாறக்கூடியது, அதனால் உதவிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். சொந்தக் குறியீட்டில் இன்னொரு லாபமும் உண்டு. யாராவது போனில் இரண்டு பேரைத் தவறாகச் சேர்த்துவிட்டால், ஒரே தொடர்பில் இரண்டு `cust_id` நிற்கும்; அப்போதே கண்ணில் படும்.

எதை எங்கே மாற்றலாம் என்பதையும் முடிவு செய்தோம். பெயர், முகவரி, சர்வீஸ் தேதிக்கு டேட்டாபேஸ் சொல்வதுதான் கடைசி வார்த்தை. கூப்பிடும் பெயரும் குறிப்பும் போனுக்கு. "டீச்சர் மஞ்சக்குப்பம்" என்று வந்தால்தான் தம்பிக்குப் புரியும் என்பதால் அதைப் புனைபெயர்ப் புலத்தில் விட்டுவைத்தேன். புது எண் போனில்தான் முதலில் வரும். அது நேரே டேட்டாபேஸுக்குள் போகாமல் ஒரு காத்திருப்பு அட்டவணையில் விழும், நான் பார்த்துச் சேர்ப்பேன். போனில் அழித்தால் டேட்டாபேஸில் அழியாது, ஒரு குறி மட்டும் விழும். போனில் புதிதாகச் சேமிக்கும் இடத்தைக் கூகுள் கணக்கு என்று நிலையாக வைத்தாயிற்று.

டேட்டாபேஸுக்கும் கூகுளுக்கும் நடுவில், நிரல்கள் கூகுள் தொடர்புகளைப் படிக்கவும் மாற்றவும் கூகுள் தரும் பீப்பிள் ஏ.பி.ஐ. வழியாக ஓடும் சின்ன நிரல் இருக்கிறது. போன முறைக்குப் பிறகு மாறியதை மட்டும் கேட்க அது ஒரு `syncToken` தரும். அந்த டோக்கன் ஏழு நாளில் காலாவதி. பொங்கலுக்குக் கடையை மூடிவிட்டு வந்து ஓட்டினால் `EXPIRED_SYNC_TOKEN` என்று நிற்கும். முழுப் பட்டியலையும் திரும்பக் கேட்க வேண்டும். முழுப் பட்டியல் வந்ததும் நிரல் அதையெல்லாம் புதியவர்கள் என்று எடுத்துக்கொண்டால் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஒரே நொடியில் இரண்டு மடங்கு. ஆகவே வரும் ஒவ்வொரு பதிவுக்கும் முதலில் `cust_id` உண்டா என்று பார்க்கும், இல்லாவிட்டால் எண்ணைப் பார்க்கும், இரண்டும் இல்லாதது மட்டுமே காத்திருப்புக்குப் போகும். தானாகப் புது வாடிக்கையாளரை உருவாக்க நிரலுக்கு அனுமதியே இல்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது: இடையில் எதையும் தொடாமல் நிரலை அடுத்தடுத்து இரண்டு முறை, டோக்கன் இல்லாமல் முழுப் பட்டியலோடு ஓட்டுவேன். இரண்டாவது முறை "புதிது 0, மாற்றம் 0" என்று வர வேண்டும். ஒன்றிரண்டு மாற்றம் வந்தாலும் ஏதோ ஒரு எண் இரண்டு பக்கமும் இரண்டு வடிவத்தில் நிற்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது நடுவில் பூஜ்யம் புகுந்த `+910...` எண்ணாக இருக்கும். அதைக் கையால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுவேன்.