எக்ஸ்ரேயில் பிறகு வந்த கோடு

செங்கோட்டைப் பக்கம் ஜூன், ஜூலையில் சாரல் விழும்போது ஓடாமல் இருப்பது கஷ்டம். வெயில் இல்லை, மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், எவ்வளவு ஓடினாலும் களைப்பு தெரியாது. அந்த வருஷம் நவம்பரில் கொச்சியில் ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன் வாரம் 22 கிலோமீட்டர் ஓடுவது என் வழக்கம். சாரல் தொடங்கிய மூன்றே வாரத்தில் அதை 40 ஆக்கிவிட்டேன். அதுவும் தட்டையான ரோட்டில் இல்லை. எங்கள் புளியரையிலிருந்து எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வரை போய், அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கேரளா போகும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அதே இறக்கத்தில் ஓடி வருவேன்.

நாலாவது வாரம் வலது காலில் வலி வந்தது. கணைக்காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு மேலே எட்டு விரற்கடை உயரத்தில். முதலில் ஓட்டம் முடிகிற நேரத்தில் மட்டும் இருந்தது. அப்புறம் ஓட ஆரம்பித்த உடனே வந்தது. ஒன்பதாவது நாள் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நார்மல், ஷின் ஸ்ப்ளின்ட்தான், தசை இழுப்பு" என்று சொல்லி, வலி மாத்திரையும் களிம்பும் எழுதி, ஒரு வாரம் ஓய்வு என்றார்கள்.

அந்த 'நார்மல்' என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு அடுத்த மூன்று வாரத்தைக் கெடுத்தது. ஒரு வாரம் சும்மா இருந்தேன், வலி குறைந்தது. திரும்ப ஓடினேன், வலித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன், வலி தெரியவில்லை. எலும்பில் ஒன்றும் இல்லை என்று படம் எடுத்தே சொல்லிவிட்டார்களே என்ற தைரியம். பிறகு வகுப்புக்கு மாடிப்படி ஏறும்போதே வலித்தது. அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போதும் உள்ளுக்குள் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. அம்மா கேட்டாள்: "ஏட்டி, எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லன்னுட்டாவ, பொறவு என்னத்துக்கு நொண்டுத?" எனக்கும் அதே கேள்விதான்.

புனலூரில் என் அத்தை இருக்கிறாள். அவள் சொல்லித்தான் ரயிலேறி அங்கே ஓர் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் மலையாளி, எல்லைப் பக்கத்து நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாகப் பழகியவர். எக்ஸ்ரே கவரை மேஜையில் ஓரமாக வைத்துவிட்டு முதலில் என் காலைத்தான் பார்த்தார். ஒற்றை விரலால் கணைக்கால் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடம் வந்ததும் துள்ளிவிட்டேன். பேனாவால் அங்கே ஒரு புள்ளி வைத்தார். அதற்கு இரண்டு விரல் மேலேயும் கீழேயும் அழுத்தினார், பெரிதாக ஒன்றும் இல்லை. "ஷின் ஸ்ப்ளின்ட் என்றால் விளிம்பு நெடுக, ஒரு ஐந்து சென்டிமீட்டருக்கு மேலாவது வலிக்கணும். உங்களுக்கு ஒரே புள்ளியில் வேதனை" என்றார். அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னார். ஒரு குதிதான், அடுத்ததற்குக் கால் எழவில்லை. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் போலிருக்கிறது, சுமை தாங்காமல் எலும்பில் விழும் நுண்விரிசல் என்றார்.

அப்புறம் எலும்பின் முன்விளிம்பை, கை வைத்தாலே தட்டுப்படும் அந்தக் கூரான பகுதியை, அழுத்திப் பார்த்தார். அங்கே வலி இல்லை. நல்லவேளை என்றார். ஓடும்போது கணைக்கால் எலும்பு துளியளவு வளைகிறது; பின்பக்கம் அமுங்குகிறது, முன்பக்கம் இழுபடுகிறது. அமுங்குகிற பக்கத்தில் வரும் விரிசல் ஓய்வில் கூடிவிடும். இழுபடுகிற பக்கத்தில் வந்தால் கூடாமல் இழுத்தடிக்கும், முழுசாக முறியவும் வாய்ப்புண்டு, சிலருக்கு உள்ளே கம்பி வைக்க வேண்டிவரும். இடுப்புப் பக்கம் தொடை எலும்பின் கழுத்தில் வருவதும் அப்படி ஆபத்தான இடம்தானாம்.

எக்ஸ்ரே ஏன் பொய் சொன்னது என்று கேட்டேன். பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிவது அவ்வளவுதான் என்றார். சுமை கூடும்போது எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. முதலில் சில செல்கள் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கின்றன, பின்னால் வேறு செல்கள் வந்து புது எலும்பை நிரப்புகின்றன. ரோட்டில் பைப் போடத் தோண்டுவதுபோல, தோண்டுவது சில வாரத்தில் முடியும், நிரப்பி இறுக மாதக்கணக்கில் ஆகும். ஓட்டத்தைத் திடீரென்று கூட்டியவர்களுக்கு மூன்றாவது நாலாவது வாரத்தில் எலும்பு மிகவும் பலவீனமாக இருப்பது இதனால்தான். நான் அதே வாரத்தில்தான் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். இந்த நுண்விரிசல்கள் எலும்பை விலக்குவதில்லை, அதனால் எக்ஸ்ரேயில் கோடு விழாது. எக்ஸ்ரே காட்டுவது சுண்ணாம்புச் சத்தின் அடர்த்தியை. ஆறுவதற்காக எலும்பின் மேல் புதிதாகப் படியும் அடுக்கு கெட்டியான பிறகுதான் அதில் எதுவும் தெரியும். அதற்கு இரண்டு மூன்று வாரம், சிலருக்கு இன்னும் கூடுதல். சிலருக்குக் கடைசி வரை தெரியாமலே ஆறிவிடுவதும் உண்டு. அன்றைக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார். உறுதியாகச் சொல்லும்படி அதிலும் ஒன்றும் இல்லை.

இந்த நோயை எக்ஸ்ரே வருவதற்கு முன்பே கண்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் எழுதி வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். அதன் பிறகுதான் அந்த வீக்கத்துக்குள் இருந்தது எலும்பு முறிவு என்று தெரிந்திருக்கிறது.

அவர் எழுதிக் கொடுத்த எம்.ஆர்.ஐ.யைக் கொல்லத்தில் எடுத்தேன். கால் மட்டும் உள்ளே போகிற மாதிரி படுக்க வைத்து, அரை மணி நேரம் அசையக் கூடாது என்றார்கள். ஊசி மருந்து எதுவும் போடவில்லை. 6,500 ரூபாய் ஆனது. வலியைவிட அந்தத் தொகைதான் அன்று எனக்கு உறுத்தியது. ஆனால் படத்தைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் இல்லை. டாக்டர் இரண்டு விதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். டி-ஒன் என்கிற படத்தில் மஜ்ஜையிலுள்ள கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். என் எலும்பில் பேனாப் புள்ளி வைத்த அதே உயரத்தில், அந்த வெளுப்புக்கு நடுவே புகை படிந்த மாதிரி ஒரு கருமை. அடுத்தது கொழுப்பை அடக்கி நீரை மட்டும் பளிச்சென்று காட்டும் படம். அதில் அதே இடம் கரும்பலகையில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. எலும்பைச் சுற்றிய உறையிலும் மெல்லிய வெள்ளை. ஆனால் விரிசல் கோடு என்று எதுவும் இல்லை. நாலு படிகளில் இது மூன்றாவது என்றார். நீர்ப்படத்தில் மட்டும் தெரிந்தால் இரண்டு, டி-ஒன் படத்திலும் தெரிந்தால் மூன்று, கோடே விழுந்திருந்தால் நாலு. மூன்று என்றால் ஓட்டத்துக்குத் திரும்ப ஆறு முதல் ஒன்பது வாரம் ஆகும் என்றார்.

ரிப்போர்ட்டில் 'போன் மேரோ எடீமா' என்று இருந்தது. வீட்டில் அதை 'எலும்புல நீர் கோத்திருக்கு' என்று சொல்லப்போக, பக்கத்து வீட்டு ஆச்சி நீர் வற்றக் கஷாயம் சொன்னாள். மாமா எண்ணெய் போட்டு நீவும் வைத்தியரிடம் கூப்பிட்டார். பாசத்தில் சொல்கிறார்கள், மறுக்கவும் சங்கடம். போனில் டாக்டரிடமே கேட்டேன். அது தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இல்லை, எடுத்துவிட ஒன்றும் இல்லை. நுண்விரிசல் விழுந்த இடத்துக்கு ரத்தமும் திசுநீரும் கூடி வருவதன் அடையாளம் என்றார். அந்தப் புள்ளியை யாரும் நீவ விடாதீர்கள் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றை இங்கே எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் என்னைப் போன்ற பெண்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். இரண்டு மாதமாக வரவில்லை. ஓட்டம் கூடியதால் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை நாலேமுக்காலுக்குக் கடுங்காப்பி மட்டும் குடித்துவிட்டு ஓடி, குளித்து, இரண்டு இட்லியோடு பள்ளிக்கு ஓடுவேன். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லையென்றால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், ஹார்மோன் குறைந்தால் எலும்பு நிரப்பும் வேலையும் படுத்துவிடும் என்று விளக்கினார். வைட்டமின் டி பார்த்ததில் 14 இருந்தது, 20-க்குக் கீழே குறைபாடு. அதற்கு மருந்து எழுதினார். ஆனால் சாப்பாட்டைக் கூட்டாமல் மாத்திரை மட்டும் பலன் தராது என்றார். ஓட்டத்துக்கு முன் ஒரு நேந்திரம்பழம், வந்ததும் முட்டையும் சோறும் என்று பழகினேன். மூன்றாவது மாதம் மாதவிலக்கு திரும்ப வந்தது.

"ஓடண்ட" என்று மலையாளத்திலேயே சொல்லி அனுப்பினார். நடந்தால் வலித்ததால் முதல் இரண்டு வாரம் அக்குள் கட்டையும் முழங்கால் வரை வரும் பூட்ஸும். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், வலிதான் நமக்கு அளவுகோல், அதை மறைக்கக் கூடாது என்றார். மூன்றாவது வாரம் பூட்ஸோடு நடை, ஐந்தாவது வாரம் வெறும் செருப்பில், கூடவே சைக்கிள்.

ஆறாவது வாரம் போனபோது இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்து ஆறிவிட்டதா என்று பார்க்கலாமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றார். எலும்பு பலப்பட்ட பிறகும் அந்த வெளுப்பு மாதக்கணக்கில் படத்தில் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து தேவையில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்றார். பதிலாக அதே இடத்தை அழுத்தினார், வலி இல்லை. அரை மணி நேரம் வேகமாக நடந்து வரச் சொன்னார், வலி இல்லை. ஒற்றைக்காலில் பத்துக் குதி, இல்லை. அதோடு ஒரு சாதாரண எக்ஸ்ரே.

அதில் இருந்தது. எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, அந்தப் புள்ளி இருந்த உயரத்தில், நகக்கண் அளவுக்குத் தடித்த மெல்லிய வெள்ளைப் படிவு. வீட்டுக்கு வந்து ஒன்பதாவது நாள் எடுத்த தென்காசி படத்தையும் இதையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்பமே இருந்திருக்கு, இப்பத்தான் தெரியுது, என்னட்டி?" என்றாள்.

எட்டாவது வாரம் பள்ளி மைதானத்தில் ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை, அப்படி ஆறு தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வலித்தால் அன்றோடு நிறுத்தி, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். ஒரே ஒரு தடவை அப்படித் திரும்ப வேண்டியிருந்தது. கொச்சிக்குப் போகவில்லை. நவம்பர் கடைசியில் தொடர்ந்து 5 கிலோமீட்டர் ஓட முடிந்தது, தட்டையான ரோட்டில், எஸ் வளைவின் அடிவாரம் வரை. இறக்கத்துக்கு ஜனவரி வரை அனுமதி இல்லை. அங்கேயே நின்று மேலே கருப்பசாமியை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன்.