பேராக் காணாமல் போன கதை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் நான்கு பேர், பழைய மலாயாத் தமிழ் நாளிதழ்களைத் தேடிப் படிக்க ஒரு தேடுபொறி செய்துகொண்டிருந்தோம். ஸ்கேன் செய்த பக்கங்கள் எழுத்தாக மாறி வரும், அதைச் சொல் சொல்லாக வெட்டி அட்டவணை போடுவது என் வேலை. அட்டவணைக்கு முன்னால் ஒவ்வொரு சொல்லிலும் விகுதியைக் கழற்ற ஒரு ஸ்டெம்மர் எழுதியிருந்தேன். பெரிய வேலை என்று அப்போது தோன்றவில்லை.

முதல் ஆளாகப் பயன்படுத்திப் பார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு, அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது அல்லவா, அந்த மாதங்களின் செய்திகளைத்தான் அவர் தேடினார். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"தம்பி, கெடா வருது, ஜொகூர் வருது. பேராக்கைத்தான் அதிகம் காணோம். கலவரமே அங்கதானே நடந்தது?"

டீச்சரிடம் ஒரு நோட்டு இருந்தது. அந்த மூன்று மாதப் பக்கங்களை ஏற்கெனவே கண்ணாலேயே படித்து, பேராக் பற்றிய செய்திகளுக்கு எல்லாம் தேதி, பக்கம் குறித்து வைத்திருந்தார். மொத்தம் 43. எங்கள் தேடலில் வந்தது 14. கிடைக்க வேண்டியதில் எத்தனை கிடைத்தது என்பதுதான் ரீகால். எங்களுடையது மூன்றில் ஒரு பங்குகூட நிறையவில்லை. தேடுபொறி விட்டதை அதுவே சொல்லாது. வந்த 14-ம் சரியான செய்திகள்தாம், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அந்த நோட்டு இல்லாவிட்டால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம்.

கோளாறு இந்த இரண்டு வரியில் இருந்தது:

```python
w = re.sub(r'[கசதப]்$', '', w)
w = re.sub(r'(ில்|ை|ின்|ுக்கு)$', '', w)
```

முதல் வரி சந்தி மெய்யை எடுக்கிறது. 'தோட்டத்தைப் பார்த்தார்' என்பதில் உள்ள 'ப்' போனால்தான் அடுத்து 'ஐ' உருபு கண்ணில் படும். தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் என்று முடியாது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். தமிழ்நாட்டுப் பத்திரிகையில் பெரும்பாலும் சரிப்படும். இங்கே? பேராக், சரவாக், நஜிப், ரசாக். 'பேராக்' என்பது 'பேரா' ஆனது. 'பேராக்கில்' முதல் வரியில் தப்பித்து, இரண்டாவதில் 'ில்' போய் 'பேராக்க' ஆனது. ஒரே பெயர், இரண்டு ஸ்டெம். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. செய்தித்தாளில் மாநிலத்தின் பெயர் வெறுமனே நிற்பது குறைவு. பேராக்கில், பேராக்கின், பேராக்குக்கு என்றுதான் அதிகம். தவறிய 29-இல் 22 இப்படிப் போனவை.

சந்தியை அடுத்த சொல்லைப் பார்த்து முடிவு செய்தோம். வரும் சொல் 'ப'-வில் தொடங்கினால்தான் இந்த 'ப்' சந்தி. 'பேராக் மாநிலம்' என்றால் 'க்' தப்பிக்கும். 'பேராக் காவல்துறை' என்றால் குழப்பம், அங்கே இரண்டு வடிவத்தையும் அட்டவணையில் ஏற்றிவிடுவது. அப்புறம், இறுதியில் 'க்க' போல இரட்டித்து நின்றால் 'க' என்று ஒற்றையாக்குவது, 'க்' என்று நின்றால் புள்ளியை எடுப்பது. இரண்டும் 'பேராக' என்று சேர்ந்துவிட்டன. இந்த இரட்டிப்பைக் குறைக்கும் விதி எதிர்பாராத உதவி ஒன்றும் செய்தது: 'வீட்டில்' 'வீட்ட' ஆகி 'வீட' ஆனது, 'வீடு' உகரம் போய் அதுவும் 'வீட'. ஆறு, ஆற்றில் அப்படியே. தமிழில் விகுதி ஒட்டும்போது முன்னால் உள்ள சொல்லே உருமாறுவதுதான் தலைவலி, அதில் பாதி தீர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

மறுநாள் 'தோட்டம்' என்று தேடினால் நகைக்கடை விளம்பரம் வருகிறது. வைரத் தோடு! 'தோட்டம்' மகரம் இழந்து 'தோட்ட', பிறகு இரட்டிப்பு குறைந்து 'தோட'. தோடும் அதுவே. மகர ஈற்றுச் சொற்களை அந்த விதியிலிருந்து விலக்கினேன். 'எடு', 'எட்டு' இரண்டும், 'காடு', 'காட்டு' இரண்டும் இன்னும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. 'காட்டில் மறைந்தனர்' தேடுபவருக்கு 'சுட்டிக் காட்டினார்' நிறைய வரும். ஆவணத் தேடலில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வேண்டாததை ஒதுக்க ஒரு நொடி, வராததைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

சரி, டீச்சரின் நோட்டை வைத்து மறுபடி எண்ணினோம். 36 வரும் என்று கணக்கு. வந்தது 30. பழைய 14-இல் ஆறு காணாமல் போயிருந்தன. பார்த்தால் அந்த ஆறிலும் 'பேரா' என்று அச்சடித்திருந்தார்கள். மலாய் உச்சரிப்பில் கடைசி 'க்' விழுங்கப்படும், அதைக் கேட்டபடி எழுதுவதும் இங்கே வழக்கம். என் பழைய தவறு அவற்றைத் தற்செயலாகச் சேர்த்து வைத்திருந்தது. தவறைத் திருத்தியதும் பிரிந்துவிட்டன. இதற்கு விதி எழுத முடியாது. 'பேரா' என்றால் 'பேராக்' என்று ஒரு பட்டியலில் கையால் எழுதினேன். 36.

பட்டியல் என்று வந்த பிறகு லெமட்டைசர் பேச்சும் வந்தது. அது விகுதியை வெட்டுவதில்லை, அகராதி வடிவத்துக்குக் கொண்டுபோகும். வினைச்சொல்லுக்கு அது இல்லாமல் முடியாது. 'கொன்றனர்', 'கொல்லப்பட்டார்' இரண்டையும் எங்கே வெட்டினாலும் 'கொன்ற', 'கொல்ல' என்றுதான் நிற்கும்; 'கொல்' என்று சேர்க்க அகராதிதான் வேண்டும். வந்தான், வருவான், வாராத எல்லாம் இதே கதை. ஆனால் 'கொலை'யைத் தனிச் சொல்லாகவே வைக்கும். இலக்கணப்படி சரி, டீச்சருக்கு உதவாது.

அகராதியில் இல்லாத சொல்லில்தான் அது தடுமாறியது. தோட்டங்களில் காலை ஆள் கணக்கெடுப்பு நடக்கும் பெரட்டு, அதற்கு அறிமுகம் இல்லை. 'பெரட்டில்' என்று கண்டதும் வீட்டில்–வீடு போல என்று ஊகித்து 'பெரடு' என்று தந்தது. 'பெரட்டு' என்ற வடிவத்தையோ தொடாமல் விட்டது. என் முரட்டு ஸ்டெம்மர் இரண்டையும் 'பெரட' என்று ஒரே இடத்தில் போட்டது. அது சொல்லே இல்லை, ஆனால் இரண்டும் சேர்ந்திருந்தன. தேடலுக்கு அது போதும்.

கடைசியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதே இடத்தில் இரண்டு பதிவு: ஸ்டெம் ஒன்று, அகராதியில் அகப்பட்டால் மட்டும் லெம்மா என்கிற அகராதி வடிவம் ஒன்று. லெமட்டைசர் ஊகிப்பதை நிறுத்திவிட்டேன். அட்டவணை பெருத்தது, வட்டு மலிவு.

மீதி ஏழு என்ன என்று டீச்சர் கேட்டார். மூன்றில் ஸ்கேனிலிருந்து எழுத்து தப்பாக வந்திருந்தது. நான்கில் பேராக் என்ற சொல்லே இல்லை, சுங்கை சிப்புட் என்று ஊர்ப் பெயர் மட்டும். "ஊரைச் சொன்னாப் போதும்னு எழுதினவன் நினைச்சிருப்பான், தம்பி" என்றபடி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கோலகங்சார், தைப்பிங், தாப்பா என்று ஊர்களை எழுத ஆரம்பித்தார்.